கம்பம் போச்சு, நிழல் மட்டும் நிக்குது! போட்டோவில் சேர்த்ததையும் அழித்ததையும் கண்டுபிடிப்பது எப்படி?

2015 டிசம்பர் மாதத்தை சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி, பிரதமர் நரேந்திர மோடி வெள்ளப் பகுதிகளை வானத்திலிருந்து பார்வையிட்டார். அப்போது மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் ட்விட்டரில் ஒரு படத்தை வெளியிட்டது. பிரதமர் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளத்தில் நிற்கும் கட்டடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. பார்த்த பலருக்கு அந்தப் 'பளிச்'தான் இடித்தது. கேள்விகள் வந்ததும் படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டன என்று அந்த அலுவலகமே விளக்கம் தந்து வருத்தம் தெரிவித்தது.

மக்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. பஸ் ஜன்னல் வழியாக நீங்களே ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. உள்ளே இருப்பவர் முகம் சரியாக வந்தால், வெளியே வெளிச்சம் கூடி வெளுத்துப்போகும். அதோடு உயரத்திலிருந்து பார்க்கும்போது, நடுவில் உள்ள ஈரக் காற்றும் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து தூரத்துக் காட்சியைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடும். அந்தப் படத்தின் அசல் பிரதியில் வெளிக்காட்சி அப்படி மங்கலாகத்தான் இருந்தது. மாற்றிய படத்தில் உள்ளே ஒரு வெளிச்சம், வெளியே வேறொரு வெளிச்சம்.

இதுதான் அடிப்படை. ஒரே கேமராவில், ஒரே நொடியில் எடுத்த படத்தில் எல்லாப் பொருளும் ஒரே சூரியனுக்கும் ஒரே சென்சாருக்கும் கட்டுப்பட்டவை. வெளியிலிருந்து ஒட்டிய பொருள் வேறொரு சூரியனையும் வேறொரு சென்சாரையும் கூடவே கொண்டு வருகிறது. நிழலையும் துகளையும் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

ஒரு குடோன் விளம்பரம்

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் லாரி நிறுத்தவும் சரக்கு வைக்கவும் யார்டு வாடகைக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வருகிறது. "40 அடி டிரெய்லர் தாராளமா திரும்பும், அட்வான்ஸ் இன்னைக்கே போடுங்க" என்கிறார்கள். படத்தில் காம்பவுண்டு சுவர், கேட், ஓரத்தில் ஒரு வேப்பமரம், நடுவில் ஒரு டிரெய்லர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் அந்த யார்டின் நடுவே ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, வேறு படத்திலிருந்து டிரெய்லரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் போடும் முன் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் சோதனை: நிழல்

முதலில் தரையைப் பாருங்கள். ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். பொருளை அழிப்பவர்கள் பொருளை மட்டும் அழித்துவிட்டு, அதன் நிழலையோ, தேங்கிய தண்ணீரிலும் வண்டிக் கண்ணாடியிலும் தெரியும் அதன் பிம்பத்தையோ விட்டுவிடுவது வழக்கம். நம் யார்டு படத்தில் தரையில் ஒல்லியாக, நீளமாக ஒரு கோடு ஓடுகிறது. அதன் தொடக்கத்தில் எதுவுமே இல்லை. அங்கேதான் கம்பம் இருந்திருக்கிறது.

அடுத்து டிரெய்லர். கேலரியில் எடிட் பகுதிக்குப் போனால் கோடு வரையும் வசதி இருக்கும். கேட் தூணின் உச்சியையும் அதன் நிழலின் நுனியையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். வேறொரு தூணுக்கும் அதேபோல ஒரு கோடு. மூன்றாவதாக, டிரெய்லரின் மேல் மூலைக்கும் தரையில் அந்த மூலையின் நிழலுக்கும் ஒரு கோடு. சூரியன் கேமராவுக்கு எதிரே இருந்தால், இந்தக் கோடுகளை மேலே நீட்டும்போது சூரியன் இருக்கும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். சூரியன் படம் எடுத்தவரின் முதுகுப் பக்கம் இருந்தால், கீழ்நோக்கி நீட்டும்போது ஒரே புள்ளியில் சேரும். சரியாகப் பக்கவாட்டில் இருந்தால் மட்டும் ஏறக்குறைய இணைகோடுகளாக ஓடும். தூண்களின் கோடுகள் ஓரிடத்தில் சந்திக்க, டிரெய்லரின் கோடு எங்கேயோ விலகிப்போனால், அந்த டிரெய்லர் அந்த வெயிலில் நின்றதல்ல.

வெறும் கண்ணால் பார்த்து "நிழல் கோணலா இருக்கே" என்று முடிவு செய்யாதீங்க. நிழல் திசையைக் கணிப்பதில் மனிதக் கண் எளிதில் ஏமாறும். உண்மையான படத்திலேயே இரண்டு நிழல்கள் வெவ்வேறு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். அதனால்தான் கோடு போட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

நிழலின் ஓரமும் பேசும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, ஒரு வட்டம். அதனால் கம்பத்தின் அடிப்பகுதியில் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். உச்சியின் நிழல் விழும் இடத்தில் மங்கலாகும். செயற்கையாக வரைந்த நிழல் பெரும்பாலும் நெடுக ஒரே அளவு மங்கலாக இருக்கும். டயர் தரையைத் தொடும் இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த இடுக்கில் வெளிச்சமே புகாது, கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வண்டி காற்றில் மிதக்கிற மாதிரி தெரியும்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நமக்குக் கடல் கிழக்கே. காலை வெயிலில் நிழல் கடலுக்கு எதிர்ப்பக்கம் விழும், மாலையில் கடல் பக்கம் விழும். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். ஆறடி ஆளுக்கு ஏறக்குறைய நாலரை அடி நிழல். ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டிய நாட்களில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும், நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். "இன்னைக்குக் காலையில காசிமேட்டுல எடுத்தது" என்று வரும் படத்தில் நிழல் கடல் பக்கம் நீண்டிருந்தால், சொன்ன நேரமாவது தவறு.

இரண்டாவது சோதனை: துகள்

எந்த போட்டோவையும் நன்றாகப் பெரிதாக்கினால் மணல் தூவிய மாதிரி நுண்ணிய புள்ளிகள் தெரியும். இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். சென்சாருக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் இது அதிகமாகத் தெரியும். எனவே நிழல் பகுதியில் கூடுதலாகவும் வெயில் பகுதியில் குறைவாகவும் இருப்பது இயல்பு. ஆகவே வெயில்பட்ட சுவரை இருண்ட டயரோடு ஒப்பிடக் கூடாது. ஒரே அளவு வெளிச்சமும், அதே போன்ற வழவழப்பும் உள்ள இரண்டு இடங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

நம் படத்தில் டிரெய்லரின் சாம்பல் நிறப் பக்கவாட்டையும், அதே சாம்பல் நிறச் சுவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் கூட்டிவிட்டு, இரண்டு இடங்களையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர் முழுக்க மணல் போலப் புள்ளிகள், டிரெய்லர் மட்டும் பெயின்ட் அடித்த மாதிரி வழவழ என்றால், இரண்டும் ஒரே கேமராவில் பிறந்தவை அல்ல என்ற சந்தேகம் வலுக்கிறது.

அழித்த இடத்தில் வேறு மாதிரித் தடயம் கிடைக்கும். கம்பம் இருந்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். ஒன்று, அந்த இடம் துகள் இல்லாமல் மழுங்கிப்போகும். அல்லது, பக்கத்துச் சுவரையே நகலெடுத்து ஒட்டியிருப்பார்கள். அப்போது ஒரே பாசிக் கறை, ஒரே விரிசல் இரண்டு இடத்தில் அச்சாகத் தெரியும். 2006 ஆகஸ்டில் பெய்ரூட் குண்டுவீச்சுப் படம் ஒன்றை ராய்ட்டர்ஸ் நிறுவனம் திரும்பப் பெற்றது இதனால்தான். புகையை அதிகமாகக் காட்ட, அதே புகைச் சுருள்கள் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தன. அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது.

எங்கே ஏமாறுவோம்?

துகள் சோதனைக்கு முதல் எதிரி வாட்ஸ்அப்தான். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கும்போது நுண்ணிய துகள்கள் அழிந்து, சதுரம் சதுரமான கட்டங்கள் வந்துவிடும். பல முறை ஃபார்வர்டு ஆன படத்திலோ ஸ்கிரீன்ஷாட்டிலோ துகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்போதைய போன்களும் தாமாகவே துகளைத் துடைக்கின்றன. நைட் மோடு பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. போர்ட்ரெய்ட் மோடு பின்னணியை மட்டும் மங்கலாக்குகிறது. எனவே வழவழப்பான வானமோ மங்கிய பின்னணியோ தனியாகக் குற்றச் சான்று ஆகாது.

நிழலிலும் சிக்கல் உண்டு. மேடு பள்ளமான தரையில் நிழல் வளையும். துறைமுகப் பகுதியில் இரவில் எடுத்த படம் என்றால், உயரமான ஹைமாஸ்ட் விளக்குகள் பல இருப்பதால் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு நிழல் விழும். அங்கே ஒரே புள்ளி விதி எல்லா நிழலுக்கும் சேர்த்துப் பொருந்தாது.

முக்கியமாக, ஒரு தடயத்தை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே இடத்தில் நிழலும் துகளும் சேர்ந்து தவறினால்தான் சந்தேகம் உறுதியாகிறது. அதேபோல, தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் படம் உண்மை என்றும் ஆகிவிடாது. கைதேர்ந்தவர் செய்த வேலை தெரியாமலும் போகலாம்.

சரி, என்ன செய்யலாம்?

சந்தேகம் வந்தால், படத்தை வாட்ஸ்அப்பில் "Document" ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்படி வந்தால் கோப்பு சுருங்காது. அதே இடத்தை வேறு கோணத்தில் எடுத்த இரண்டாவது படத்தையும் கேளுங்கள். ஒரு கோணத்தில் கம்பத்தை மறைப்பது சுலபம், இரண்டு கோணத்திலும் பொருந்தும்படி மறைப்பது கஷ்டம். நேரில் போக முடியாவிட்டால் வீடியோ காலில் கேட்டிலிருந்து நடந்து காட்டச் சொல்லுங்கள். எதிர்முனையில் மழுப்பினால் அட்வான்ஸ் போடாதீங்க.

பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். வந்த படத்தையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நீங்களே மாநகராட்சிக்கு ஒரு புகார்ப் படம் அனுப்பினாலும், வெட்டாத, ஃபில்டர் போடாத அசல் கோப்பு உங்கள் போனில் இருக்கட்டும். நாளைக்கு உங்கள் படத்தை யாராவது சந்தேகித்தால், அதிலுள்ள நிழலும் துகளும்தான் உங்கள் சாட்சி.