பூஜ்யங்களைத் தொடாமல் ஒரு பெருக்கல்

பத்து லட்சம் இணையப் பக்கங்களில் எது எதற்கு இணைப்பு தருகிறது என்பதை ஓர் அணியாக எழுதினால், அதில் ஒரு லட்சம் கோடி கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்கு 8 பைட் என்றால் 8 டெராபைட் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் சராசரியாகப் பத்துப் பக்கங்களுக்கு இணைப்பு தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடி கட்டங்களில்தான் எண் இருக்கும், மற்றதெல்லாம் பூஜ்யம். கூகுள் நிறுவனர்கள் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, இப்படிப்பட்ட அணியை ஒரு வெக்டரோடு திரும்பத் திரும்பப் பெருக்குவதுதான். பூஜ்யங்களைச் சேமிக்காமல் இதை எப்படிச் செய்வது?

இந்தச் சிறிய அணியைப் பாருங்கள்:

```
5 0 0 2
0 0 0 0
0 3 0 0
1 0 4 6
```

சுருக்கிய நிரை வடிவம் இதை மூன்று பட்டியல்களாக மாற்றுகிறது. நிரை, நிரல் இரண்டையும் 0-விலிருந்து எண்ணுகிறோம்.

```
val = [5, 2, 3, 1, 4, 6]
col = [0, 3, 1, 0, 2, 3]
ptr = [0, 2, 2, 3, 6]
```

முதல் பட்டியலில் மதிப்புகள். இரண்டாவதில் அவை இருக்கும் நிரல் எண்கள். ஒவ்வொரு நிரையும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்வது மூன்றாவது. அதில் 2, 2 என்று அடுத்தடுத்து வருவதால், இரண்டாம் நிரை காலி என்று தெரிகிறது. கடைசி எண் 6, மொத்த மதிப்புகளின் எண்ணிக்கை. நிரைகளைவிட ஓர் எண் கூடுதலாக இருப்பதால், கடைசி நிரை எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

பெருக்கல் இவ்வளவுதான்:

```
for i in range(n):
    s = 0.0
    for k in range(ptr[i], ptr[i+1]):
        s += val[k] * x[col[k]]
    y[i] = s
```

வெக்டர் 1, 2, 3, 4 என்றால் கடைசி நிரைக்கு 1×1 + 4×3 + 6×4 = 37. முழு விடை 13, 0, 6, 37. பதினாறு பெருக்கல்களுக்குப் பதிலாக ஆறே போதும். நிரல் எண்ணுக்கு 4 பைட் வைத்தால், மேலே சொன்ன இணைய அணி சுமார் 124 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

இங்கே நேரம் பிடிப்பது பெருக்கல் அல்ல. நினைவகத்திலிருந்து எண்களை எடுத்துவருவதுதான். மதிப்புகளும் நிரல் எண்களும் வரிசையாக வந்துவிடும். வெக்டரிலோ, நிரல் எண் காட்டும் இடத்துக்கெல்லாம் தாவ வேண்டும். அந்த இடங்கள் தூரதூரமாக இருந்தால் பிராசஸர் காத்துக் கிடக்கும். அதனால்தான், ஒன்றோடொன்று தொடர்புள்ளவை அருகருகே வரும்படி நிரை, நிரல்களுக்கு முதலிலேயே வேறு வரிசையில் எண் கொடுப்பது உண்டு.

இன்னொரு குறை, நடுவில் ஒரு புதிய மதிப்பை நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் நகர வேண்டும் என்பது. எனவே தரவைச் சேர்க்கும்போது நிரை, நிரல், மதிப்பு என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே தடவையில் இந்த வடிவத்துக்கு மாற்றுவதே வழக்கம். மாற்றியதும் மூன்றாம் பட்டியலைச் சரிபாருங்கள்: எண்கள் எங்கும் குறையக் கூடாது, கடைசி எண் மதிப்புகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும்.