குளிப்பார் என்பது எந்தக் காலம்?

போன மாதம் முகையூருக்குப் போயிருந்தபோது அண்ணன் மகள் ஒரு பயிற்சித்தாளை நீட்டினாள். பத்து வாக்கியங்கள். எல்லாக் காலமும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு வினைத்தொடருக்கும் பக்கத்தில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று குறிக்க வேண்டும். அவள் எழுதியதில் ரெண்டு தப்பு என்று சிவப்புக் கோடு. "சித்தப்பா, இது தப்பா, சொல்லு?" என்றாள். முதல் கோடு சரி. ரெண்டாவதுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதல் வாக்கியம்: 'அப்பா மல்லாட்டை பறித்துக்கொண்டிருக்கிறார்.' அவள் இறந்தகாலம் என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்டேன். "பறித்து-ல த் இருக்கே" என்றாள். த் இறந்தகால இடைநிலை என்று அவளுக்குப் பாடத்தில் வந்திருக்கிறது. நன்னூல் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்றும், நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்றும், எதிர்காலத்துக்கு ப், வ் என்றும் கொடுக்கிறது. ஆனால் தொடரில் கண்ணில் பட்ட முதல் இடைநிலையைப் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் வழுக்கும். பறித்து, கொண்டு ரெண்டும் வினையெச்சங்கள். அவற்றின் த், ட் தமக்குப் பின்னால் வரும் வினையோடு ஒட்டிக்கொள்ளத்தான் நிற்கின்றன. முழுத்தொடரின் காலத்தை அவை சொல்வதில்லை. காலத்தைச் சொல்வது கடைசியில் நிற்கும் முற்றுவினை.

ஆகவே தொடரை வலமிருந்து வெட்ட வேண்டும். கடைசி வினை 'இருக்கிறார்'. அதில் ஆர் விகுதி. அதற்கு முன்னால் கிறு. அதற்கும் முன்னால் க் சந்தி, இரு பகுதி. கிறு வந்ததால் நிகழ்காலம். இதே வழியில் 'மழை பெய்திருந்தது' என்பதன் கடைசி வினை 'இருந்தது', அங்கே த் இருக்கிறது, இறந்தகாலம்.

பேச்சில் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழி இருக்கிறது. நாம் 'செய்கிறான்' என்பதை 'செய்றான்' என்போம். கிறு தேய்ந்து ற் மட்டும் மிச்சம். பட்டியலில் ற் இறந்தகாலம் ('சென்றான்' போல). 'செய்றான்' என்று எழுதிவிட்டு ற் பார்த்துக் குறித்தால் தப்பாகும். முதலில் எழுத்து வடிவத்துக்கு விரித்துக்கொள், அப்புறம் வெட்டு என்று சொல்லிக்கொடுத்தேன்.

இப்போ ரெண்டாவது சிவப்புக் கோடு. 'தாத்தா அப்போதெல்லாம் ஏரியில் குளிப்பார்.' அவள் இறந்தகாலம் என்றாள். வினையை வெட்டினால் குளி + ப் + ப் + ஆர். முதல் ப் சந்தி, ரெண்டாவது ப் இடைநிலை. பட்டியல்படி எதிர்காலம். ஆசிரியர் அடித்தது இதனால்தான். ஆனால் இப்போது தாத்தாவும் இல்லை, ஏரிக்குளியலும் இல்லை. பழைய வழக்கத்தைச் சொல்லும் வாக்கியம் அது. பொருளைப் பார்த்தால் குழந்தை சொன்னதுதான் சரி.

ப், வ் இடைநிலைக்கு எதிர்காலம் என்று பெயர் வைத்தாலும், அது வழக்கமாக நடப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. 'அப்போதெல்லாம்' என்ற சொல்தான் அந்த வழக்கத்தைப் பழைய காலத்துக்கு இழுக்கிறது. அதை எடுத்துவிட்டு 'நாளைக்கு' என்று போட்டால், அதே 'குளிப்பார்' நிஜமாகவே எதிர்காலமாகிவிடும். வினை மாறவே இல்லை, பாருங்கள்.

இது நம் இலக்கணக்காரர்கள் காணாத விஷயமும் அல்ல. வடிவம் ஒரு காலமாகவும் பொருள் இன்னொரு காலமாகவும் வருவதைத் தொல்காப்பியம் வினையியலிலேயே பேசுகிறது. நன்னூல் அதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று காரணங்களையும் அடுக்குகிறது. வாசலில் ஒருவர் கூப்பிட, சோறு தின்றுகொண்டே "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அது விரைவு. இன்னும் எழுந்திருக்கவே இல்லை, வினை மட்டும் இறந்தகாலம். இதைக் கால வழுவமைதி என்பார்கள். வழு என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

இதையெல்லாம் தாண்டி, இடைநிலையே இல்லாத வினைகளும் தாளில் இருந்தன. 'அவன் வரவில்லை' என்பதில் வெட்டிப் பார்க்க எதுவும் கிடைக்காது. 'நேற்று வரவில்லை' என்றால் இறந்தகாலம், 'இன்னும் வரவில்லை' என்றால் இந்த நேரம் வரைக்கும் உள்ள நிலை. இங்கே பக்கத்துச் சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

ஆக, இந்தத் தாள் ஒரு கட்டத்துக்குள் ரெண்டு கேள்வி கேட்கிறது: வினையில் எந்த இடைநிலை இருக்கிறது, வாக்கியம் எந்தக் காலத்தைப் பேசுகிறது. பெரும்பாலும் ரெண்டுக்கும் ஒரே விடை வருவதால் நமக்குத் தெரிவதில்லை. பிரியும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. நான் அவளை ரெண்டு பத்தி போட்டு எழுதச் சொன்னேன். 'குளிப்பார்' பக்கத்தில் அவள் எழுதியது: வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகாலம். நோட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை டீச்சரிடம் காட்டப் போவதாகச் சொன்னாள்.

"காட்டப் போறேன் எந்தக் காலம் சித்தப்பா?" என்று போகும்போது ஒரு கேள்வி. போறேன், அதாவது போகிறேன். கிறு இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.