கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் போய்விடுமா?

வேலைக்குச் சேரும் நாளில் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு படிவம் வரும். வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, கிளையின் பெயர், கூடவே ரத்து செய்த காசோலை ஒன்று. முதல் முறை வேலைக்குப் போகிறவர்களும் அவர்களைவிட அவர்களுடைய பெற்றோரும் இங்கே தயங்குகிறார்கள். "கணக்கு நம்பரையே கொடுத்துட்டா அதுல இருக்கிற பணத்தை எடுத்துர மாட்டாங்களா?" என்பது நியாயமான பயம்தான். கைபேசியில் வரும் எச்சரிக்கைச் செய்திகள் எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றே பழக்கியிருக்கின்றன.

கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் பணம் உள்ளே வருவதற்கான விலாசம் மட்டுமே. அவற்றை வைத்து யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்கில் பணம் போடலாம், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் நெட் பேங்கிங் கடவுச்சொல், ஓ.டி.பி., யூ.பி.ஐ. பின், டெபிட் கார்டின் எண்ணும் பின்னும், காசோலையில் கையெழுத்து, ஆதார் வழியென்றால் கைரேகை என்று இவற்றில் ஏதாவது வேண்டும். சம்பளம் போட இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. சம்பளம் வருவதற்கு ஓ.டி.பி. சொல்லுங்கள், யூ.பி.ஐ. பின் போடுங்கள் என்று யாராவது கேட்டால் அவர் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்ல.

நிறுவனத்துக்குத் தேவைப்படுபவை கொஞ்சம்தான்: வங்கியில் உள்ளபடி உங்கள் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., வங்கி, கிளை, சேமிப்புக் கணக்கா என்ற விவரம். பெயர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாஸ்புக்கில் 'எஸ். கவிதா' என்றிருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து 'கவிதா செல்வம்' ஆகியிருக்கும். படிவத்தில் வங்கிக் கணக்கு என்ற இடத்தில் பாஸ்புக்கில் உள்ளதையே எழுதுங்கள். பெயர் சரிபார்க்கும்போது இரண்டும் ஒத்துப் போகவில்லையென்றால் சம்பளம் தாமதமாகலாம்.

பணம் திருடு போவதைவிட அதிகம் நடப்பது, சம்பளம் வேறு எங்கோ போய்ச் சேருவது. நெஃப்ட் போன்ற வழிகளில் பணம் எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்படுகிறது, பெயரைப் பார்த்தல்ல. ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2025 ஏப்ரல் முதல், இணையத்தில் நெஃப்ட் அனுப்புகிறவர் பெறுபவரின் பெயரை முன்கூட்டிப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் சம்பளத்தை ஒரே கோப்பாக ஏற்றுகிறவர் ஒவ்வொரு பெயரையும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்பி இருக்க முடியாது.

எண் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் எக்செல் தாளில். உங்கள் கணக்கு எண் 1234567890123456 என்ற 16 இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் திரையில் 1.23457E+15 என்று தெரியும். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். கடைசி 6, 0 ஆகிவிடும். கோப்பிலிருந்து வங்கிக்குப் போவது 1234567890123450. அதேபோல 0-வில் தொடங்கும் கணக்கு எண்களில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். கட்டத்தை முதலில் 'Text' என்று மாற்றிவிட்டுத் தட்டினால் இரண்டும் நடக்காது. அதனால் எண்ணைத் தட்டி அனுப்புவதோடு நிறுத்தாமல், பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலையும் கொடுங்கள். பிறகு ஹெச்.ஆர். தங்கள் மென்பொருளில் ஏற்றியதை ஒரு முறை காட்டச் சொல்லி, இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறும் கிளையைக் குறிக்கும். இந்தப் பூஜ்யத்தை ஆங்கில 'O' எழுத்தாகத் தட்டுவது வழக்கமான பிழை. இன்னொரு பிழை, பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவது. கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. LAVB என்று தொடங்கிய அதன் குறியீடுகள் பின்னர் DBSS என்று மாறின. இணைந்த வேறு பல வங்கிகளிலும் இதுதான் கதை. உங்கள் பாஸ்புக்கில் அச்சாகியிருப்பது இன்னும் செல்லுமா என்று வங்கியிலோ அதன் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பள நாளில் எல்லோருக்கும் வந்து உங்களுக்கு மட்டும் 22,000 ரூபாய் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 'போட்டுவிட்டோம்' என்கிறது. அப்போது நீங்கள் கேட்க வேண்டியது யூ.டி.ஆர். எண், ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. அதோடு, எந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பினார்கள் என்பதையும் கேளுங்கள். அப்படியொரு கணக்கே இல்லையென்றால் பணம் நிறுவனத்துக்கே திரும்பியிருக்கும். சரியான எண்ணுக்கு மறுபடி அனுப்பச் சொன்னால் போதும். அந்த எண்ணில் வேறொருவர் இருந்தால் சிக்கல். நிறுவனம் தன் வங்கியில் புகார் தர வேண்டும். அது பெறும் வங்கியை அணுகும். அந்த வங்கி பொதுவாக அந்த வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் பணத்தைத் திருப்பி எடுக்காது. வாரக்கணக்கில் இழுக்கலாம். நீங்கள் கொடுத்த படிவத்தின் நகல் கையில் இருந்தால், பிழை யாருடையது என்பதில் வாதம் இருக்காது.

இனி, உண்மையிலேயே கவனம் வேண்டிய ஒரு தாள்: ரத்து செய்த காசோலை. குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் பெரிதாக CANCELLED என்று எழுதுங்கள். கணக்கு எண் மறையக் கூடாது. கையெழுத்து போடாதீர்கள். சில அலுவலகங்கள் கையெழுத்தும் கேட்கும். கணக்கு விவரத்தைச் சரிபார்க்க அது தேவையில்லை. காசோலைப் புத்தகம் இல்லாதவர்கள் பாஸ்புக் முதல் பக்கத்தையோ, வரவு செலவு வரிகளை மறைத்த வங்கி அறிக்கையையோ தரலாம். கணக்கு எண்ணும் கையெழுத்தும் சேர்ந்த ஒரு தாள் வேறு மாதிரி. மாதத் தவணை பிடித்துக்கொள்ள வங்கிக்குக் கொடுக்கும் அனுமதிப் படிவத்திலும் இந்த இரண்டும்தான் இருக்கும். சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களில் அப்படி எதுவும் இல்லை என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கணக்கு எண் வெளியே போவதால் வருகிற ஆபத்து மறைமுகமானது. உங்கள் பெயர், வங்கி, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் தெரிந்த ஒருவர் போனில் பேசினால் வங்கிக்காரர் என்றே தோன்றும். அவர் சொல்கிற எண் சரியாக இருப்பது அவர் யார் என்பதற்குச் சான்றாகாது. ஏமாந்து ஓ.டி.பி. சொல்லிவிட்டால் உடனே 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வழி. 'வேலை' என்று சொல்லி உங்கள் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கேட்பவர்களுக்கு வேண்டியது உங்கள் உழைப்பு அல்ல, திருட்டுப் பணத்தைக் கடத்த ஒரு கணக்கு. அதில் முதலில் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு மோசடி நடக்கிறது. ஊழியரின் பெயரில் ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: 'என் வங்கியை மாற்றிவிட்டேன், இந்த மாதச் சம்பளத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள்.' மாற்றினால் சம்பளம் மோசடிக்காரருக்குப் போகும். கணக்கை மாற்றச் சொல்லி யார் எழுதினாலும், ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே மாற்றும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்களே கணக்கை மாற்றும்போது, புதியதில் முதல் சம்பளம் வந்து சேரும் வரை பழையதை மூடாதீர்கள்.