இலச்சினையின் வெட்டுண்ட மூலையை மீட்டமைத்தல்

வெட்டுண்ட மூலையை மீட்டமைத்தல் என்பது, ஒரு மூலை மட்டும் இழந்த இலச்சினையை, அதன் எஞ்சிய பகுதியின் சமச்சீர்மையைக் கொண்டு மீண்டும் முழுமையாக வரையும் முறையாகும். பழைய கடிதத்தாளின் மூலை கிழிந்திருக்கும்போதோ, வருடும்போது தாள் மடிந்துவிட்டபோதோ இம்முறை பயன்படுகிறது. இடப்புறமும் வலப்புறமும் ஒன்றையொன்று ஒத்த வடிவங்களில் இடப்புற மூலையின் ஆடி உருவமே வலப்புற மூலையாகும். எனினும் ஆடி எங்கே நிற்கிறது என்பதை, அதாவது சமச்சீர் அச்சின் இடத்தை, முதலில் சரியாக அறிய வேண்டும். இம்முறையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே தோன்றுகின்றன.

## அச்சைக் கண்டறிதல்

கேடயம் போன்ற ஓர் இலச்சினையின் வலது மேல் மூலை கிழிந்துள்ளதாகக் கொள்வோம். அதன் பக்கங்கள் நேராக உள்ள உயரங்களில் இரு விளிம்புகளும் எஞ்சியுள்ளன. படத்தின் மேல் விளிம்பிலிருந்து 150 பிக்சல் கீழே இடது விளிம்பு 60-இலும் வலது விளிம்பு 540-இலும் உள்ளன. இவற்றின் நடுப்புள்ளி 300. மேலிருந்து 350 பிக்சல் கீழே அவை 62, 542 என உள்ளன, நடுப்புள்ளி 302.

நடுப்புள்ளி இவ்வாறு நகர்வது படம் சாய்ந்துள்ளதைக் காட்டுகிறது. 200 பிக்சல் உயரத்தில் 2 பிக்சல் விலகல் என்பது ஏறத்தாழ 0.57 பாகைச் சாய்வாகும். படத்தை வலஞ்சுழியாக அவ்வளவு சுழற்றினால் அச்சு நிமிரும். சுழற்றியபின் எல்லா அளவுகளையும் மீண்டும் எடுக்க வேண்டும். இங்கு விளிம்புகள் 61, 541 எனவும் அச்சு 301 எனவும் கிடைத்ததாகக் கொள்வோம்.

எஞ்சிய படத்தின் அகலத்தைப் பாதியாக்கி அதையே அச்சு எனக் கொள்வது பொதுவான தவறு. வலப்பக்கம் முழுவதும் 521-ஆம் பிக்சலோடு வெட்டப்பட்ட படத்தில் அவ்வாறு செய்தால் அச்சு 291-இல் அமையும். அச்சில் நேர்ந்த 10 பிக்சல் பிழை ஆடி உருவத்தில் இரட்டிப்பாகி, கேடயத்தின் அகலம் 20 பிக்சல் குறைந்துவிடும். வலது விளிம்பே இல்லாத படங்களில், நடுவிலுள்ள விண்மீன் அல்லது கேடயத்தின் கீழ் முனை போன்று அச்சின்மேல் அமைந்த உறுப்புகளைக் கொண்டே அச்சைக் கணிக்க வேண்டும்.

## வளைகோட்டை வரைதல்

அச்சு a எனில், x என்னும் இடத்திலுள்ள புள்ளியின் ஆடி உருவம் 2a − x என்னும் இடத்தில் அமையும், உயரம் மாறாது. இடது மூலையில் மேல் நேர்கோடு (121, 40) என்னும் புள்ளியில் முடிகிறது. அங்கிருந்து வளைவு தொடங்கி (61, 100) என்னும் புள்ளியில் பக்கக் கோட்டைச் சேர்கிறது. எனவே வலது மூலையின் இரு முனைகளும் (481, 40), (541, 100) ஆகும்.

இடது மூலையின் பிக்சல்களை அப்படியே புரட்டி ஒட்டினால் தாளின் கறையும் மங்கிய விளிம்பும் சேர்ந்தே வரும். ஆகவே புரட்டிய படத்தை வழிகாட்டியாக மட்டும் அடியில் வைத்து, அதன்மேல் பெசியர் வளைவு ஒன்றை வரைவது நல்லது. கால்வட்ட வளைவுக்குக் கைப்பிடிகளின் நீளம் ஆரத்தின் 0.5523 மடங்கு. இங்கு ஆரம் 60. எனவே நீளம் 33.1 ஆகும். இதை எஸ்.வி.ஜி. கோப்பில் இவ்வாறு எழுதலாம்:

```
M 481 40 C 514.1 40 541 66.9 541 100
```

எல்லா மூலைகளும் வட்டத்தின் பகுதியாக இருப்பதில்லை. உண்மையான கால்வட்டம் என்றால் இடது வளைவின் நடுப்புள்ளி ஏறத்தாழ (78.6, 57.6) என்னும் இடத்தில் அமையும். அது இதைவிட வெளியே தள்ளி, மூலையை நோக்கி இருந்தால், வடிவமைப்பாளர் சதுரத்தன்மை மிகுந்த வளைவைப் பயன்படுத்தியுள்ளார் எனலாம். அப்போது புரட்டிய படத்தின் விளிம்போடு பொருந்தும் வரை கைப்பிடிகளை நீட்ட வேண்டும்.

## சரிபார்த்தலும் எல்லைகளும்

வரைந்த வடிவத்தைப் பழைய படத்தின்மேல் வேறுபாட்டுக் கலப்பு முறையில் வைத்தால், பொருந்தும் இடங்கள் கருமையாகும். ஒரு விளிம்பு நெடுகச் சீரான ஒளிக்கோடு தோன்றினால் அச்சு பிழையானது. அக்கோடு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்தால் சாய்வு முழுமையாக நீங்கவில்லை என்று பொருள்.

வடிவம் சமச்சீராக இருந்தாலும் அதிலுள்ள அனைத்தும் சமச்சீராக இருக்கும் என்பதில்லை. 1913-இல் பியேர் டி குபேர்த்தென் வடிவமைத்த ஒலிம்பிக் வளையங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. அவற்றின் வலது மேல் வளையம் அறுபட்டிருந்தால் இடது மேல் வளையத்தைப் புரட்டி வட்டத்தைப் பெறலாம். ஆனால் இடது வளையம் நீலம், வலது வளையம் சிவப்பு. நிறத்தை ஆடி தராது. எந்த வளையம் எதன்மேல் செல்கிறது என்பதையும் தனியே பார்த்தறிய வேண்டும். எழுத்துகள், நிழல், ஒரு பக்கமிருந்து விழும் ஒளி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

மீட்கப்பட்ட மூலை என்பது சமச்சீர்மையிலிருந்து பெறப்பட்ட அனுமானமே. அம்மூலையில் மட்டும் ஒரு சிறு குறி இருந்திருந்தால் இம்முறையால் அதை அறிய இயலாது. ஆதலால் வெட்டுண்ட மூலப்படத்தை அழிக்காமல், புதிதாக வரைந்த பகுதியைத் தனி அடுக்கில் வைத்திருப்பது முறையாகும்.