டேப்லெட்டுக்கு ஆப், க்ரோம்புக்குக்கு பிரவுசர்

வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடுவது ஒரே லிங்க்தான். அதை மலிவு விலை ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் தொட்டால் ஒரு மாதிரி திறக்கும். க்ரோம்புக் போன்ற எளிய லேப்டாப்பில் திறந்தால் வேறு மாதிரி. டேப்லெட்டில் ஆப் வழியாகவும், க்ரோம்புக்கில் பிரவுசர் வழியாகவும் வகுப்புக்குள் போவதே நல்லது என்பது என் கட்சி. மாற்றிப் போனால் பாதி வசதி கிடைக்காது.

முதலில் டேப்லெட். ஆண்ட்ராய்டில் ஓடும் க்ரோம் பிரவுசர், திரையைப் பகிரும் வசதியை எந்த இணையதளத்துக்கும் கொடுப்பதில்லை. "நீ செய்த ப்ராஜெக்டை ஸ்கிரீன் ஷேர் பண்ணு, கீழே பட்டன் இருக்கும் பார்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். பிள்ளை தேடிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டன் அங்கே கிடையாது. ஆப் என்றால் ஆண்ட்ராய்டிடம் நேரடியாக அனுமதி கேட்டுத் திரையைக் காட்டிவிடும். மொத்தத் திரையும் தெரியும் என்பதால், அந்த நேரம் பார்த்து மாமா அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியையும் வகுப்பே படிக்கும். நோட்டிஃபிகேஷனை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.

ஆப்பிலும் ஒரு தொல்லை உண்டு. 2 ஜிபி ராம் உள்ள டேப்லெட்டில் கணக்கு வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "நோட்டைப் படம் எடுத்து இப்போதே அனுப்புங்கள்" என்கிறார் ஆசிரியர். கேமராவைத் திறந்ததும் நினைவகம் போதாமல், பின்னால் ஓடிக்கொண்டிருந்த வகுப்பு ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடுகிறது. படம் எடுத்துத் திரும்பினால் வகுப்பு இல்லை. வீட்டில் எல்லோரும் நெட்டைத் திட்டுவார்கள். எது காரணம் என்று கண்டுபிடிப்பது எளிது: திரும்பி வரும்போது ஆப்பின் முதல் பக்கம் புதிதாகத் திறந்தால் ராம் போதவில்லை. வகுப்புத் திரை அப்படியே இருந்து, இணைப்பு மறுபடி கிடைக்கக் காத்திருக்கிறது என்று காட்டினால்தான் நெட்டின் குறை. ராம் குறைவான டேப்லெட்டில் நோட்டை வகுப்புக் கேமராவின் முன் தூக்கிக் காட்டலாம். இல்லையென்றால் அப்பா, அம்மா போனில் படம் எடுக்கலாம்.

க்ரோம்புக்கில் கதை தலைகீழ். அங்கே பிரவுசர்தான் வீட்டுக்காரர், ஆண்ட்ராய்டு ஆப் விருந்தாளி. ப்ளே ஸ்டோரிலிருந்து ஆப்பை ஏற்றினால், அது ஓடுவதற்காகவே உள்ளுக்குள் ஓர் ஆண்ட்ராய்டு தனியாக இயங்க வேண்டும். இருக்கிற 4 ஜிபி ராமில் அதற்கும் ஒரு பங்கு போய்விடும். கூகுள் மீட் லேப்டாப்பில் பிரவுசரிலேயே ஓடும்படி செய்யப்பட்டது. ஜூமும் 2021-ல் க்ரோம்புக்குக்கென ஒரு வடிவத்தைத் தந்தது. பார்வைக்கு ஆப், உள்ளே பிரவுசர்தான். அதுவும் இல்லையென்றால் ஜூம் லிங்க்கைத் திறந்ததும் வரும் பக்கத்தில் Join from Your Browser என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

பிரவுசரில் வகுப்பு திணறினால் குற்றவாளி பெரும்பாலும் ப்ராசஸர். நாற்பது முகங்களையும் ஒரே திரையில் அடுக்கி, நம் பின்புலத்தையும் மங்கலாக்கினால் சாதாரண செலரான் சிப் தாங்காது. மீட்டில் மூன்று புள்ளி மெனுவுக்குள் Troubleshooting and help என்பதைத் திறந்தால் ப்ராசஸர் சுமையும் இணைய நிலையும் தெரியும். சுமை உச்சத்தில் இருந்தால் மங்கலாக்கலை நிறுத்தி, கட்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வேறு டேபில் யூடியூப் ஓடினால் அதையும் மூடிவிடுங்கள்.

டேட்டா கணக்கையும் பார்த்துவிடலாம். குழு வகுப்பில் தெளிவான வீடியோவுக்கு ஜூம் பரிந்துரைப்பது, அனுப்ப நொடிக்கு 1 மெகாபிட், பெற 600 கிலோபிட். அதே வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு அனுப்பும் வழியில் 450 எம்பி, பெறும் வழியில் 270 எம்பி. இரண்டு வகுப்பிலேயே ஒரு நாளுக்கான 1.5 ஜிபி ஏறக்குறைய தீர்ந்துவிடும். நம் கேமராவை நிறுத்தினால் செலவில் பாதிக்கு மேல் மிச்சம்.

சில தடைகள் ஆப்பாலும் வருவதில்லை, பிரவுசராலும் வருவதில்லை. மலிவு விண்டோஸ் லேப்டாப் சில S mode-ல் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே இறக்கிய எதையும் நிறுவ விடாது. அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. பள்ளியின் கட்டுப்பாட்டில் உள்ள க்ரோம்புக்கில் எந்த ஆப் வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கும்.

அதனால், பழைய க்ரோம்புக்கை மலிவாக வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே முழுவதும் அழித்து, புதிதாகத் தொடங்கச் சொல்லிப் பாருங்கள். ஏதோ ஒரு பள்ளியின் பெயரைக் காட்டி அந்தக் கணக்கில் நுழையச் சொன்னால் அதை வாங்க வேண்டாம். இந்தச் சோதனையில் தேறினால், செட்டிங்ஸில் About ChromeOS பகுதிக்குப் போய், அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.