முகத்தில் விழுந்த ஒளிக்கீற்று

சூரியன் மறையும் நேரத்தில் ஒளிக்கு எதிரே நின்று எடுத்த படங்களில், சில சமயம் ஆரஞ்சு நிறக் கீற்று ஒன்று கூந்தலில் தொடங்கிக் கன்னம் வரை இறங்கியிருக்கும். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளுக்கு இடையே ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது இது, ஃப்ளேர் என்பார்கள். பலர் உடனே ஹீலிங் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கிறார்கள். கீற்று போய்விடும். கூடவே தோலின் நுண்துளைகளும் பூனைமுடியும் போய், கன்னம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

ஃப்ளேர் முகத்தை மறைப்பதில்லை; இருக்கிற ஒளியின் மேல் இன்னும் கொஞ்சம் ஒளியைக் கூட்டுகிறது. பெரும்பாலும் தோலின் விவரம் அடியில் பத்திரமாகவே இருக்கும். எனவே கூடியதைக் கழிப்பதுதான் சரியான வழி.

எவ்வளவு கூடியது என்பதைக் கருங்கூந்தல் சொல்லிவிடும். கறுப்பில் சொந்த ஒளி மிகக் குறைவு என்பதால், அங்கே தெரிவது கிட்டத்தட்ட ஃப்ளேரின் நிறம் மட்டுமே. ஒரு படத்தில் கீற்று படாத கூந்தலின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 30, 25, 22 என்றும், கீற்று பட்ட இடத்தில் 110, 70, 40 என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80, 45, 18. இந்த நிறத்தால் ஒரு லேயரை நிரப்பி, அதன் கலப்பு முறையை Subtract என்று மாற்றி, மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் கீற்றின் மீது மட்டும் தெரிய விடவேண்டும்.

கூந்தல் உடனே சரியாகும். கன்னமோ கருத்துப்போகும். இங்கேதான் பலரும் இந்த வழியைக் கைவிடுகிறார்கள். படக்கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் நேரான அளவு அல்ல. அதே ஒளி இருண்ட இடத்தில் எண்ணை நிறைய உயர்த்தும், வெளிச்சமான இடத்தில் கொஞ்சமே உயர்த்தும். கூந்தலில் சிவப்பை 80 உயர்த்திய ஒளி, 190 அளவுள்ள கன்னத்தை 212க்குத்தான் கொண்டுபோகும், கூடியது 22. ஆகவே கூந்தலுக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என லேயரை இரண்டாக்கி, கன்னத்துக்கானதன் Opacity அளவை 28 சதவீதம் அருகே வைக்கவேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்கச் சிவப்புச் சேனலை மட்டும் தனியே திறங்கள். வெளிர்பட்டை தெரிந்தால் கழித்தது போதவில்லை. கரும்பட்டை தெரிந்தால் அதிகம். ஓரங்களில் எஞ்சும் மெல்லிய கோட்டுக்கு மட்டும் ஹீலிங் பிரஷ் போதும்.

சிவப்பு 255ஐத் தொட்டுவிட்ட இடத்தில் இந்த முறை பலிக்காது. அங்கே தோலின் சிவப்பு விவரம் பதிவாகவே இல்லை, கழித்தால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். ரா கோப்பு இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துப் பார்க்கலாம், ஓரளவு மீளக்கூடும். இல்லையென்றால் அடுத்த ஃப்ரேமிலிருந்து கன்னத்தை எடுத்து ஒட்டவேண்டியதுதான். அதனால் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுப்பவர்கள், லென்ஸுக்கு முன்னே விரலை நீட்டிச் சூரியனை மட்டும் மறைத்து இன்னொரு படமும் எடுத்துவைப்பார்கள். அதில் வானம் கெட்டிருக்கும், முகம் சுத்தமாக இருக்கும்.