ஜீப்ரா கோடு அழிந்தால் மனுவில் என்ன எழுதுவது?

“பள்ளி அருகே ஜீப்ரா கோடு அழிந்துவிட்டது, போர்டையும் காணவில்லை, ஆவன செய்ய வேண்டுகிறோம்.” தூத்துக்குடியில் யாராவது இப்படி மனு கொடுத்தால், வேலை நடந்தாலும் ஒரு டப்பா பெயின்ட்டும் பிரஷ்ஷுமாகத்தான் நடக்கும். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி மனு எழுத வேண்டியிருக்கும். கோடு எதனால் ஆனது, எப்படிக் கெட்டது என்று தெரிந்து எழுதினால் கதை வேறு.

முறையாகப் போட்ட கோடு பெயின்ட் அல்ல, தெர்மோபிளாஸ்டிக். பிசின், வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டைஆக்ஸைடு, சுண்ணாம்புத் தூள், நுண்ணிய கண்ணாடி மணிகள் எல்லாம் சேர்ந்த தூளைக் கொதிகலனில் ஏறத்தாழ 200 டிகிரி வரை உருக்கி, தள்ளுவண்டியால் சாலையில் இழுப்பார்கள். இரண்டரை மில்லிமீட்டர் கனம். விரலால் தடவினால் விளிம்பு மேடாகத் தட்டுப்படும். சூடு ஆறும் முன்பே மேலே இன்னொரு முறை கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் புகுந்து, பின்னாலிருக்கும் வெள்ளையில் பட்டு, வந்த வழியே திரும்பும். இரவில் கோடு பளிச்சென்று தெரிவது இதனால்தான். மணி பாதி புதைந்து, பாதி வெளியே நிற்க வேண்டும். முழுக்க மூழ்கினாலும் பிடுங்கிக்கொண்டு போனாலும் பயனில்லை.

துறைமுக ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. திரும்பும் வெளிச்சம் விளக்கை நோக்கித்தான் போகும். காரில் ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. கன்டெய்னர் லாரியில் கண்ணுக்கும் விளக்குக்கும் இடைவெளி அதிகம். ஆகவே அதே கோடு லாரிக்காரருக்கு மங்கலாகவே தெரியும். காருக்கு ‘பரவாயில்லை’ என்ற நிலையில் இருக்கும் கோடு லாரிக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

கோடு கெட்ட விதத்தைப் பார்த்தே காரணம் சொல்லலாம். டயர் ஓடும் தடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம். பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்தால், தூசியைத் துடைக்காமலோ ஈரத்தின் மேலோ போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். உப்பும் நிலக்கரியும் போகும் சாலையில் தூசிக்குப் பஞ்சமில்லை. பகலில் வெள்ளையாக இருந்து, இரவில் நெற்றிக்கு நேரே டார்ச் பிடித்துப் பார்க்கும்போது இருட்டாகத் தெரிந்தால் மணிகள் போய்விட்டன. சில இடங்களில் கோடு தேயவே இல்லை. புதுத் தார் போட்டு மூடிவிட்டார்கள், திரும்பப் போட மறந்துவிட்டார்கள்.

போர்டு விஷயத்திலும் இப்படித்தான். சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் பள்ளிப் பிள்ளை படம் போட்ட அந்தத் தகடு, அறுத்தெடுத்த கம்பத்தின் அடிக்கட்டையை விட்டுப் போயிருக்கிறதா? அந்தக் கட்டையைப் படம் எடுங்கள். இருந்த போர்டை மாற்றுவது வேறு, புதிதாக வைக்க அனுமதி வாங்குவது வேறு. வேப்பங்கிளையோ பிளெக்ஸ் பேனரோ மறைத்திருந்தால் போர்டே கேட்க வேண்டாம், கிளையை வெட்டினால் போதும்.

அடுத்து, மனு யாருக்கு? போக்குவரத்துக் காவல் துறைக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பலர் காத்திருக்கிறார்கள். கோடு போடும் செலவு பெரும்பாலும் சாலையின் சொந்தக்காரருடையது. மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் உள்ள தெரு என்றால் பெரும்பாலும் மாநகராட்சி. காவல் துறைக்கும், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்கும் நகல். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும்.

மனுவின் உடல் இப்படி இருக்கலாம்:

“எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே, இன்ன எண் மின்கம்பத்துக்கும் இன்ன எண் கம்பத்துக்கும் நடுவே உள்ள ஜீப்ரா கோட்டின் தெர்மோபிளாஸ்டிக் பத்தை பத்தையாகப் பெயர்ந்துள்ளது. இரவில் ஒளி திரும்புவதில்லை. பகல், இரவுப் படங்கள் இணைப்பில். துறைமுகத் திசையிலிருந்து வரும்போது இருந்த பள்ளி எச்சரிக்கைப் போர்டின் அடிக்கம்பம் மட்டும் உள்ளது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் பார்த்து பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். எனவே அதற்கும் முன்பாகவே தெரியும்படி இரு திசையிலும் போர்டும், கண்ணாடி மணி தூவிய தெர்மோபிளாஸ்டிக் கோடும், அதற்கு முன் நிறுத்தக் கோடும் வேண்டும். இக்கோடு கடைசியாகப் போடப்பட்ட நாளையும் ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலத்தையும் தெரிவிக்கவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பராமரிப்புக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் மறுபடி போட வேண்டியிருக்கும். அலுவலகத்தின் ‘நிதி இல்லை’ என்ற பதில் அங்கே எடுபடாது.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. விபத்துக்குப் பிறகே பாயும் பிரிவு என்பதால் மனுவில் இதை மிரட்டலாக எழுதுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பின்னால் சொல்ல முடியாதபடி தேதி முத்திரை குத்திய நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஆள் வரும் நாளில் ஒரு நடை போய்ப் பாருங்கள். முதலில் சாலையைப் பெருக்குகிறார்களா, கொதிகலன் வண்டி வந்திருக்கிறதா, மணி மூட்டை பிரித்திருக்கிறதா? பிரஷ்ஷும் டப்பாவும்தான் வந்திருக்கிறது என்றால், அன்றே அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த மனு.